அடிச்சட்டிப் பால்கோவா: சின்ன ஐஸ்கிரீம் கடைக்குப் பெயரும் ஒரு வரியும் எழுதுவது எப்படி

ராஜபாளையத்தில் அக்கா ஐஸ்கிரீம் கடை போட்டபோது பலகை எழுதும் வேலை என்னிடம் வந்தது. மொத்தம் பன்னிரண்டு டப்பா. வெனிலா, ஸ்ட்ராபெர்ரி என்று எல்லாக் கடையிலும் இருப்பதையே எழுதாமல், சின்ன வயதில் தின்றதை வைத்துப் பெயர் போடலாம் என்று அக்கா சொன்னாள். எனக்கும் அது பிடித்திருந்தது. ராத்திரி உட்கார்ந்து 'மொட்டை மாடி நிலா', 'கோடை விடுமுறை', 'மழைக்காலத் தூறல்' என்று எழுதிக் கொடுத்தேன்.

வந்தவர்கள் எல்லாரும் பலகையைப் படித்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். அப்புறம் "வெனிலா இருக்கா?" என்று கேட்டு அதையே வாங்கிக்கொண்டு போனார்கள். 'மொட்டை மாடி நிலா' என்றால் வாயில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, குழந்தை கையைப் பிடித்து இழுக்கிறது. அந்தப் பத்து விநாடியில் யாரும் தெரியாத ஒன்றில் காசைப் போட மாட்டார்கள்.

அந்தப் பலகையை அழித்துவிட்டு ஒன்றரை மாதம் மெதுவாகத் திருத்தி எழுதினோம். அதில் நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். பெயர் ஞாபகத்தைத் தொட வேண்டும், கீழே இருக்கும் வரி நாக்குக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வேலையையும் பெயரே செய்யப் போனால் நீளமாகிவிடும். இரண்டு இடத்திலும் ஞாபகத்தையே எழுதினால் என் முதல் பலகை மாதிரி ஆகிவிடும். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் சாப்பிடுங்கள், பிறகு எழுதுங்கள்

பேப்பரை எடுப்பதற்கு முன்னால் கரண்டியை எடுங்கள். மெஷினிலிருந்து வந்ததும் மென்மையாக இருக்கும்போது சாப்பிட்டுப் பார்த்து எழுதாதீர்கள். கடையில் கொடுக்கும் குளிரில்தான் சாப்பிட வேண்டும். இருப்பு வைக்கும் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும், ஸ்கூப் எடுக்கும் கண்ணாடிப் பெட்டி மைனஸ் 12, 14 என்ற அளவில் இருக்கும். குளிர் ஏற ஏற இனிப்பும் வாசனையும் அடங்கிவிடும். அடுப்பில் இருக்கும்போது தெருவே மணத்த ஏலக்காய், கண்ணாடிப் பெட்டிக்குப் போனதும் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். அப்படித் தேட வேண்டிய ஒன்றை வரியில் எழுதக் கூடாது.

சாப்பிடும்போது நான்கே விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்ததும் என்ன வருகிறது, கரையும்போது என்ன வருகிறது, விழுங்கிய பிறகு என்ன நிற்கிறது, பல்லில் என்ன படுகிறது. மூன்று நான்கு நாள் கழித்து அதே டப்பாவிலிருந்து இன்னொரு தடவை எடுத்துச் சாப்பிட்டு, குறிப்பு மாறுகிறதா பாருங்கள்.

இந்த இரண்டாவது தடவையை நாங்கள் முதலில் செய்யவில்லை. கடலை மிட்டாயை உடைத்துக் கலந்து ஒரு டப்பா போட்டோம். பலகையில் 'பல்லில் கடக் முடக் என்று உடையும்' என்று எழுதினேன். முதல் நாள் உண்மையாகவே உடைந்தது. நான்காம் நாள் ஒரு பையன் சாப்பிட்டுவிட்டு, "அண்ணே, நமத்துப்போச்சு" என்றான். வெல்லப்பாகு ஈரத்தை இழுக்கும். ஐஸ்கிரீமுக்குள் கிடந்தால் மெல்ல ஊறி, கடைசியில் பல்லில் ஒட்டும் களியாகிவிடும். இரண்டு வழிதான் இருந்தது: வரியை மாற்றுவது, அல்லது செய்முறையை மாற்றுவது. நாங்கள் கடலை மிட்டாயைத் தனியாக மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொண்டு, ஸ்கூப் வைத்த பிறகு மேலே உடைத்துத் தூவ ஆரம்பித்தோம். வரியும் 'மேலே இப்போதுதான் உடைத்த கடலை மிட்டாய்' என்று ஆனது. 'இப்போதுதான்' என்ற சொல் அங்கே சும்மா இல்லை. அவர்கள் கண் முன்னாலேயே உடைக்கிறோம்.

நுங்கிலும் இதே தவறு வரும். நுங்கு என்றதும் கை தானாக 'வழுவழுவென்று' என்று எழுதிவிடும். ஆனால் நுங்கில் பெரும்பாலும் தண்ணீர்தான். துண்டாகப் போட்டால் உறைந்து கல்லாகிவிடும். சர்க்கரைப் பாகில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டால் ஓரளவு மென்மையாக இருக்கும், ஆனாலும் அந்த வழுவழுப்பு வராது. அதனால் அந்தச் சொல்லை நாங்கள் எழுதுவதில்லை.

ஞாபகத்தைக் கேட்டு வாங்குவது

உங்கள் ஞாபகம் மட்டும் போதாது. பத்துப் பதினைந்து பேரிடம் கேளுங்கள். ஆனால் "சின்ன வயசுல என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லாரும் தேன் மிட்டாய், கமர்கட் என்று இரண்டு பெயர் சொல்லி நிறுத்திவிடுவார்கள். நான் இப்படிக் கேட்பேன்: பள்ளிக்கூட வாசலில் யார் விற்றார்கள்? எதில் வைத்துக் கொடுத்தார்கள்? வீட்டுக்குத் தெரியாமல் என்ன செய்தீர்கள்? திட்டு வாங்கினீர்களா?

அப்போதுதான் உண்மையான சரக்கு வரும். எதிர்வீட்டு டீச்சர், சேமியா ஐஸில் சேமியா எல்லாம் ஒரு நுனியிலேயே கிடக்கும், முதலில் அதைக் கடித்துவிடாமல் இருப்பதுதான் கஷ்டம் என்றார். மாங்காயைப் பூ மாதிரிக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கொடுப்பார்கள், கையில் வழிந்த தண்ணீரை முழங்கை வரைக்கும் நக்குவோம் என்றார் மருந்துக்கடை அண்ணன். அடுப்படியில் பொரிகடலையும் சீனியும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாமல் நின்றதை ஒரு அக்கா சொன்னார். கமர்கட்டை வாயில் போட்டால் ஒரு பீரியட் முழுக்கக் கன்னம் வீங்கியிருக்கும் என்றார் இன்னொருவர்.

கவனித்துப் பாருங்கள். இதில் யாரும் ருசியை மட்டும் சொல்லவில்லை. கையும் வாயும் என்ன செய்தன என்றுதான் சொல்கிறார்கள். பெயர் அங்கிருந்துதான் கிடைக்கும்.

சில ஞாபகங்கள் கண்ணோடு சேர்ந்தவை, நாக்கோடு சேர்ந்தவை இல்லை. ஜவ்வு மிட்டாய் அப்படித்தான். நம் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது, கம்பின் உச்சியில் கை தட்டும் பொம்மையும், கையில் கட்டிவிடும் ரோஸ் கலர் வாட்ச்சும்தான். ருசி என்று பார்த்தால் சர்க்கரை மட்டும். அதை அப்படியே ஐஸ்கிரீமாக்கினால் வெறும் தித்திப்பாக இருக்கும். நாங்கள் 'வாட்ச் மிட்டாய்' என்ற பெயரை விட மனமில்லாமல், உள்ளே பன்னீர் ரோஜாவைச் சேர்த்தோம். வரியில் அதை நேராகச் சொல்லிவிட்டோம்: 'கையில் கட்டின ஜவ்வு மிட்டாய் கலர், ருசி பன்னீர் ரோஜா.' ஞாபகத்தில் ருசி இல்லாதபோது, எங்கிருந்து ருசி வருகிறது என்று வரி சொல்லியே ஆக வேண்டும்.

யாருடைய சின்ன வயது?

சேலத்தில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் சித்தி மகள் எங்கள் பலகையைப் பார்த்துவிட்டு 'சுட்ட தேங்காய்' என்று ஒரு பெயர் சொன்னாள். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கமெல்லாம் ஆடி முதல் தேதி தேங்காயின் கண்ணைத் திறந்து, உள்ளே வெல்லம், பச்சரிசி, எள், பொட்டுக்கடலை எல்லாம் போட்டுக் குச்சியில் செருகித் தீயில் வாட்டுவார்கள். அங்கே வளர்ந்தவர்களுக்கு அந்த இரண்டு சொல்லே போதும், புகை வாசனை மூக்கில் வந்துவிடும். எங்கள் ஊரில் அதே பெயரை எழுதினால், தேங்காயை எதற்குச் சுட வேண்டும் என்று கேட்பார்கள். நல்ல பெயர்தான், எங்கள் ஊருக்கு ஆகாது. அவள் கடையில் அது ஓடுகிறது, எங்கள் கடையில் நாங்கள் வைக்கவே இல்லை.

ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுவதையும் பாருங்கள். நாங்கள் பொரிகடலை என்பதைச் சென்னையில் பொட்டுக்கடலை என்பார்கள். ஜவ்வு மிட்டாயைச் சவ்வு மிட்டாய் என்றும் பம்பாய் மிட்டாய் என்றும் சொல்கிற ஊர்கள் உண்டு. கடை இருக்கும் தெருவில் என்ன சொல்கிறார்களோ அதைத்தான் எழுத வேண்டும். உங்கள் சொந்த ஊர்ச் சொல் வேறாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

வயதையும் யோசிக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு நினைத்துப் பார்க்கச் சின்ன வயதே இன்னும் முடியவில்லை. அது கலரைத்தான் பார்க்கும். பலகையைப் படிப்பது அம்மாவோ அப்பாவோ. படித்துவிட்டு, "நாங்க படிக்கும்போது ஸ்கூல் வாசல்ல..." என்று குழந்தையிடம் ஆரம்பிப்பார்கள். எங்கள் கடையில் அதிகம் விற்பது இந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கும் பெயர்கள்தான். அதனால் ஒரு பெயரை முடிவு செய்வதற்கு முன், இதைக் குழந்தைக்கு ஒரே வாக்கியத்தில் விளக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்போம். முடியாவிட்டால் அந்தப் பெயர் பெரியவர்களோடு நின்றுவிடும்.

ஒரு பெயர் எப்படி வந்தது

ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்குப் பக்கம். பால்கோவா இல்லாமல் எங்கள் கடை இருக்க முடியாது. ஆனால் பால்கோவா ஐஸ்கிரீம் என்றால் ஏற்கெனவே இனிப்பானதை இன்னும் இனிப்பாக்குவது. அக்கா வேறு மாதிரி செய்தாள். பாலும் சர்க்கரையும் சுண்டி வரும்போது கொஞ்ச நேரம் கிளறாமல் விட்டு, அடியில் லேசாகப் பிடிக்கவிட்டாள். கருகவிடவில்லை, காபிப்பொடி நிறம் வரும் வரைக்கும்தான். அதைச் சுரண்டிக் கலந்து உறையவைத்தால் தித்திப்பை அந்தக் காந்தல் வாசனை மட்டுப்படுத்திவிடுகிறது.

என் குறிப்பு இப்படி இருந்தது. வைத்ததும்: பால். கரையும்போது: பால்கோவா. கடைசியில்: லேசான புகை, கொஞ்சம் கசப்பு. பல்லில்: குருணை குருணையாக.

ஞாபகம் கேட்டபோது பாதிப் பேர் ஒன்றையே சொன்னார்கள். வீட்டில் பால்கோவாவோ திரட்டுப்பாலோ கிண்டினால், எடுத்து வைத்த பிறகு சட்டி பிள்ளைகளுக்கு. கரண்டியால் சுரண்ட அடிதடி நடக்கும்.

முதலில் எழுதியது 'பாட்டி வீட்டுப் பால்கோவா'. இதை அடித்துவிட்டேன். பாட்டி வீடு, அம்மா கைமணம், கிராமத்துச் சுவை எல்லாம் ஊறுகாய் பாட்டில் முதல் மசாலாப் பொட்டலம் வரைக்கும் ஒட்டி ஒட்டித் தேய்ந்துவிட்டன. படிக்கிறவர் கண் அதன் மேல் நிற்காது.

இரண்டாவது, 'காந்தல்'. எனக்கு மிகவும் பிடித்த சொல். அக்காவின் தோழிகளிடம் சொன்னபோது நாற்பதைத் தாண்டியவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் "கருகினதா?" என்று முகம் சுளித்தார்கள். தனியாக நின்றால் அது தப்பிப்போனதைச் சொல்கிற சொல்லாகத்தான் கேட்கிறது. விட்டுவிட்டோம்.

மூன்றாவது, 'சட்டி சுரண்டல்'. ஓசை நன்றாக இருந்தது. பலகையில் எழுதியும் விட்டேன். மறுநாள் காலையில் படித்தபோதுதான் உறைத்தது: சுரண்டல் என்று எழுத்தில் பார்த்தால் நமக்கு முதலில் வருவது உழைப்புச் சுரண்டல். விலைக்குப் பக்கத்தில் அந்தச் சொல் நிற்பது நன்றாகவா இருக்கும்? பேச்சில் நல்ல பொருளில் வரும் சொல் எழுத்தில் வேறு முகம் காட்டும். அதனால் பெயரைக் காதால் கேட்பதோடு விடாமல், பலகையில் விலையோடு எழுதி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

நான்காவதாக வந்தது 'அடிச்சட்டிப் பால்கோவா'. பால்கோவா என்று பொருளும் இருக்கிறது, அடிச்சட்டி என்று அந்த அடிதடியும் இருக்கிறது. குழந்தைக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். கடைக்காரரிடம் கேட்கவும் கூச்சமில்லை, "ரெண்டு அடிச்சட்டி குடுங்க" என்று இரண்டாவது வாரமே சுருக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர் தாமாகவே செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட ஆரம்பித்தால் அந்தப் பெயரைத் தொடவே வேண்டாம்.

கீழே வரும் அந்த ஒரு வரி

பெயருக்குப் பிறகு வரி. இதற்கு நான் எழுதிய முதல் வரி: 'அம்மா பார்க்காதபோது சுரண்டித் தின்ற அந்த அடிச்சட்டி, அந்த நாட்களின் இனிமை.' படித்தால் நன்றாக இருக்கும், ருசி பற்றி ஒரு எழுத்து கூட இல்லை. முதல் இரண்டு நாளில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது: "உள்ளே ஐஸ் கட்டியா இருக்கு." அது ஐஸ் இல்லை, பால்கோவாவின் குருணை. சாப்பிடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? ஐஸ்கிரீம் என்றால் வழவழவென்று இருக்கும் என்று எதிர்பார்த்து வாயில் வைக்கிறார், நறநறவென்று ஏதோ படுகிறது, கெட்டுப்போனது என்று நினைக்கிறார்.

திருத்திய வரி இது:

> அடிச்சட்டிப் பால்கோவா
> லேசாக அடிப்பிடித்த பால்கோவா. குருணையாக இருக்கும், தித்திப்பு குறைவு.

புகார் நின்றுவிட்டது. செய்முறையில் எதையும் மாற்றவில்லை. 'குருணையாக இருக்கும்' என்ற இரண்டு சொல் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அதே நறநறப்பு இப்போது பால்கோவாவுக்கு அடையாளமாகிவிட்டது. நான் வரி எழுதும்போது முதலில் தேடுவது இதைத்தான். எதைப் பார்த்து இவர் திடுக்கிடுவார்? புளிப்பா, காரமா, உப்பா, குருணையா? அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

அளவு என்று கேட்டால் பத்துச் சொல்லுக்குள் நிற்கட்டும். என்ன பொருள், பல்லில் என்ன படும், கடைசியில் என்ன வரும், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 'சுவையான', 'அருமையான', 'நாவில் நீர் ஊறும்' போன்றவற்றை எடுத்துவிடுங்கள். எல்லா டப்பாவுக்கும் பொருந்தும் சொல் எந்த டப்பாவையும் காட்டாது. பெயர் ஞாபகத்தைத் தொட்டுவிட்டால் வரியில் இன்னொரு தடவை அதைத் தொட வேண்டாம்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்று கேட்பார்கள். இரண்டும் நன்றாக வரும், கலந்து எழுதினால்தான் சரிப்படாது. ஒரு வரியில் 'இருக்கும்' என்றும் அடுத்த வரியில் 'இருக்குங்க' என்றும் இருந்தால் இரண்டு பேர் எழுதினது மாதிரித் தெரியும்.

இன்னும் சில, எங்கள் பலகையிலிருந்து:

> ஸ்கூல் வாசல் மாங்காய்
> கிளிமூக்கு மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள். பால் கிடையாது. காரம் கடைசியில் வரும்.

> வாய் நிறைய பொரிகடலை
> பொரிகடலை மாவும் சீனியும். கொஞ்சம் மாவாக ஒட்டும்.

> கன்னத்துக் கமர்கட்
> பாகு வெல்லமும் தேங்காயும். மெல்ல வேண்டியிருக்கும், அவசரப்படாதீர்கள்.

மாங்காயில் 'காரம் கடைசியில் வரும்' என்பதை அனுபவித்து எழுதினேன். குளிரில் நாக்கு கொஞ்சம் மரத்திருக்கும், முதலில் புளிப்பு மட்டும் தெரியும், விழுங்கின பிறகுதான் தொண்டையில் மிளகாய் ஏறும். சொல்லாமல் விட்ட நாட்களில் குழந்தைகள் பாதியில் அழுதார்கள்.

சொல்ல வேண்டியதும் சொல்லக் கூடாததும்

ஞாபகத்தை வைத்து எழுதும்போது சில இடங்களில் கை தானாகத் தவறும்.

ஊர்ப் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல். வீட்டில் கிண்டிய பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போடுவது தவறு. எங்கள் பலகையில் பால்கோவாவுக்கு ஊர்ப் பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம். கடலை மிட்டாயை மட்டும் கோவில்பட்டியிலிருந்தே வாங்குகிறோம், அதை எழுதுகிறோம். பஞ்சாமிர்தத்தில் இன்னொன்றும் உண்டு. அதைப் பிரசாதமாகப் பார்க்கிறவர்கள் அதிகம். உங்கள் கலவையில் முட்டை இருந்தால் அந்தப் பெயரின் பக்கமே போகாதீர்கள்.

கம்பெனிப் பெயர். சின்ன வயதில் டின்னிலிருந்து கரண்டியால் அள்ளித் தின்ற சத்து மாவு, சாக்லேட், பிஸ்கட் எல்லாமே யாரோ ஒருவரின் பதிவு செய்த பெயர். அந்தப் பெயரை உங்கள் ஐஸ்கிரீமுக்கு வைக்காதீர்கள். 'டின்னில் அள்ளின மால்ட்' என்றால் போதும், எல்லாருக்கும் புரியும்.

'ஐஸ்கிரீம்' என்ற சொல். நம் நாட்டு விதிப்படி ஐஸ்கிரீம் என்று சொல்ல அதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நடுத்தரக் கொழுப்பு, குறை கொழுப்பு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்றால் அதன் பெயர் ஃப்ரோசன் டெஸர்ட். சேலத்துச் சுட்ட தேங்காய் முழுக்கத் தேங்காய்ப்பாலில் செய்வது, அதனால் அந்த வரியில் ஐஸ்கிரீம் என்று எழுதாமல் 'தேங்காய்ப்பால் ஃப்ரோசன் டெஸர்ட்' என்று தங்கை எழுதுகிறாள். பால் சேராதவர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

நிலக்கடலை, முந்திரி. இவை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கிறார்கள். பெயரில் தெரியாவிட்டால் வரியில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே கரண்டியை எல்லா டப்பாவிலும் போட்டால் எழுதியதற்கு அர்த்தமில்லை, கடலை டப்பாவுக்குத் தனிக் கரண்டி வையுங்கள்.

கலர். பஞ்சு மிட்டாய் என்ற பெயரில் ஒன்று போட ஆசைப்பட்டோம். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததைக் கண்டுபிடித்து, தமிழ்நாட்டில் அதற்குத் தடை போட்டார்கள். அதற்குப் பிறகு ரோஸ் கலரைக் கண்டாலே பெற்றோர் தயங்குகிறார்கள். அவர்கள் தயங்குவது நியாயம். பஞ்சு மிட்டாயை விட்டுவிட்டோம். வாட்ச் மிட்டாயின் வரியில் 'நிறம் பீட்ரூட்' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தோம். சேர்த்த நாளிலிருந்து "இது என்ன கலர்?" என்ற கேள்வி மிகவும் குறைந்துவிட்டது.

கவுண்டரில் நின்று பாருங்கள்

எழுதி மாட்டியதோடு வேலை முடியாது. ஒரு சனி, ஒரு ஞாயிறு கல்லாவுக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக நில்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக மூன்று விஷயத்தைக் கோடு போட்டு எண்ணுங்கள்.

"இதுல என்ன இருக்கு?" என்று கேட்டால் ஒரு கோடு. கேட்கிறவர்கள் நிறையப் பேர் என்றால் பெயரில் கை வைக்காதீர்கள், வரியைத் திருத்துங்கள். பெயர் அவர்களை நிறுத்திவிட்டது, வரிதான் பதில் சொல்லவில்லை.

பெயரைச் சொல்லாமல் விரலை நீட்டி "அது ஒண்ணு" என்றால் இன்னொரு கோடு. அங்கே பெயரில்தான் கோளாறு. நீளமாக இருக்கலாம், சொல்லக் கூச்சமாக இருக்கலாம். எங்கள் 'வாய் நிறைய பொரிகடலை'க்கு இந்தக் கோடுதான் அதிகம் விழுந்தது. மீசை வைத்த பெரிய மனிதர் கவுண்டரில் நின்று "வாய் நிறைய ஒண்ணு" என்று கேட்க மாட்டார். அதை 'பொரிகடலைச் சீனி' என்று மாற்றி எழுதப் போகிறோம்.

யாருமே கேட்காமல், நீட்டாமல், கண் தாண்டிப் போனால் மூன்றாவது கோடு. இதற்குப் பலகையில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றை ஒன்று மறைக்கும். தேன் மிட்டாய், கடலை மிட்டாய், வாட்ச் மிட்டாய் மூன்றையும் வரிசையாக எழுதியிருந்தேன். நடுவில் இருந்தது விற்கவே இல்லை. இடையில் மாங்காயையும் கமர்கட்டையும் போட்டுப் பிரித்ததும் சரியாகிவிட்டது. பன்னிரண்டு டப்பாவுக்கும் இப்படிப் பெயர் வைக்கவும் வேண்டாம். எங்களிடம் ஏழுதான் ஞாபகப் பெயர். மற்ற ஐந்தும் வெனிலா, சாக்லேட் என்று நேரான பெயரோடு நிற்கின்றன. அவசரத்தில் வருகிறவருக்கும் வழி வேண்டும்.

பலகையை மொத்தமாக பெயிண்ட் அடித்து எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு பெயரையும் வரியையும் தனித்தனிப் பட்டையில் எழுதி ஆணியில் மாட்டுங்கள். திருத்த வசதி, டப்பா தீர்ந்தால் திருப்பிப் போடவும் வசதி. மாங்காய்ப் பட்டையின் பின்பக்கம், 'கிளிமூக்கு வந்ததும் வரும்' என்று எழுதியிருக்கிறோம். ஆடி பிறந்தால் அந்தப் பக்கம்தான் தெரியும்.